கையால் எழுதிய ஸ்ட்ரக்சர்களை ஸ்லைடுக்குச் சுத்தமாக வரைவது: உங்கள் அனுபவம்?

கடலூர் ஓ.டி. மாணவி
செமினாருக்காக கைடு ஒரு ஏ4 தாள் கொடுத்திருக்கிறார். எல்லாம் பேனாவில் வரைந்த மூலக்கூறு ஸ்ட்ரக்சர்கள். இபுப்ரோஃபென், பாரசிட்டமால் மாதிரி தெரிந்ததும் உண்டு, பென்சில் திருத்தத்தோடு புரியாததும் உண்டு. இப்போதைக்கு ஸ்லைடு ஷேப்ஸில் அறுகோணம் போட்டு வரைகிறேன், கோணம் சரியாக வரவில்லை. இதற்கு என்ன வழி?

காலாப்பட்டு ஆய்வு மாணவர்
தாளைப் போட்டோ எடுத்து, படத்தை ஸ்ட்ரக்சராக மாற்றும் கருவியில் போட்டால் முடிந்தது. வரைய வேண்டியதே இல்லை.

லாரன்ஸ் ரோடு கெமிஸ்ட்ரி
அச்சில் வந்த படத்துக்கு அது ஓரளவு ஓடும். பேனா கிறுக்கலில் Cl-க்கும் C-க்கும் குழம்பும், பிணைப்பு நம் பக்கம் நீள்வதைக் காட்டும் ஆப்பு வடிவ வெட்ஜை வெறும் கோடாக எடுத்துக்கொள்ளும். வந்ததை அணு அணுவாகச் சரிபார்ப்பதற்கு நேராக வரைந்துவிடலாம்.

ஸ்ட்ரக்சர் வரையும் மென்பொருளான கெட்சர் இலவசம், பிரவுசரிலேயே திறக்கும். பெயர் தெரிந்த மருந்தென்றால், ஸ்ட்ரக்சரை எழுத்துகளாகவே எழுதும் ஸ்மைல்ஸ் வரியை Open-இல் Paste from clipboard கொடுத்து ஒட்டுங்கள். இபுப்ரோஃபெனுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எஸ், ஆர் என்று இரண்டு வடிவம். எஸ்-இபுப்ரோஃபெனுக்கு இது:

```
CC(C)Cc1ccc(cc1)[C@H](C)C(=O)O
```

ஒட்டியதும் Clean Up கொடுத்தால் கோணமெல்லாம் தானாக நேராகும். பிறகு தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வளையத்தில் எந்த இடத்தில் எது தொங்குகிறது, இரட்டைக் கோடு எங்கே என்று. பெயர் தெரியாததை வளையத்திலிருந்து தொடங்கிக் கையாலேயே வரையுங்கள்.

காலாப்பட்டு ஆய்வு மாணவர்
சரிபார்க்க அவ்வளவு பாடு வேண்டாம் சார். Calculated Values-இல் C13H18O2, 206.28 என்று வந்தால் ஸ்ட்ரக்சர் சரி.

லாரன்ஸ் ரோடு கெமிஸ்ட்ரி
தம்பி, அது பாதி சரி. விட்டுப்போன மெத்தில், கூடுதல் ஹைட்ரஜன் எல்லாம் அதில் சிக்கிவிடும். ஆனால் எஸ்-க்கும் ஆர்-க்கும் வாய்பாடும் எடையும் ஒன்றுதான். அதற்கு Calculate CIP அழுத்தி, கைரல் கார்பன் மேல் S வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுத்தே வரவில்லையென்றால் முதலில் வெட்ஜின் முனையைப் பாருங்கள். கூர்முனை அந்தக் கார்பனில் இருக்க வேண்டும், அகலமான பக்கம் மெத்தில் பக்கம். மாற்றி வரைந்தால் மென்பொருள் வெட்ஜை மெத்திலுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும், அங்கே கைராலிட்டி கிடையாதே!

இதைவிட ஆபத்து ஸ்லைடில் இருக்கிறது. அம்புக்குறி இடப்பக்கம் வரவேண்டும் என்று படத்தை அங்கேயே Flip Horizontal செய்வார்கள். அது கண்ணாடிப் பிம்பம், எஸ் ஆர்-ஆகிவிடும். மற்ற மூலக்கூறுகளில் N, Cl எழுத்துகள் திரும்பிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். மெத்திலை CH3 என்று எழுத்தில் காட்டாமல் வெறும் கோடாக வரைந்திருந்தால், இபுப்ரோஃபெனில் இருப்பது O-வும் OH-உம் மட்டும். இரண்டு எழுத்துமே இடவலம் திருப்பினாலும் அப்படியே இருக்கும், OH என்பது HO என்று ஒழுங்காகவே தெரியும். பார்த்தவுடன் யாருக்கும் சந்தேகம் வராது. திருப்புவதை கெட்சருக்குள் செய்துவிட்டு, மறுபடி Calculate CIP பாருங்கள். ஸ்லைடில் சுழற்றினால் கெடுதல் இல்லை, எழுத்து சாய்வதைத் தவிர.

மஞ்சக்குப்பம் டிடிபி
அக்கா, C13H18O2-வில் எண்ணைக் கீழே இறக்கத்தானே கேட்கிறீர்கள்? எண்ணைத் தேர்ந்தெடுத்து Ctrl + = அழுத்துங்கள். எங்கள் கடைக்கு வரும் ப்ராஜெக்ட் எல்லாம் இப்படித்தான் செய்வோம்.

கடலூர் ஓ.டி. மாணவி
அதுவும் தேவைதான் அண்ணா, ஆனால் நான் கேட்டது படம்! சார், அளவு எப்படி வைப்பது? ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக வருகிறது.

லாரன்ஸ் ரோடு கெமிஸ்ட்ரி
ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்துப் பெரிதாக்கினால் அப்படித்தான் வரும். ஒரு ஸ்லைடுக்கான எல்லா ஸ்ட்ரக்சரையும் ஒரே கேன்வாஸில் வரிசையாக வைத்து, ஒரே SVG-யாக எடுத்து, மூலையைப் பிடித்துப் பெரிதாக்குங்கள். கோட்டு நீளம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும்.

கெம்ட்ரா என்ற வரையும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ACS Document 1996 அமைப்பைப் போட்டுவிட்டு அப்படியே ஸ்லைடில் ஒட்டுவார்கள். அது ஜர்னல் பத்திக்கான அளவு: எழுத்து 10 பாயின்ட், கோடு 0.6 பாயின்ட். கடைசி பெஞ்சுக்குக் கோடே தெரியாது. 200 சதவீதம் ஆக்கினால் எழுத்து 20, கோடு 1.2, அது போதும். PNG-ஆக எடுத்துப் பெரிதாக்காதீர்கள், ஓரம் மங்கிப் படிக்கட்டாகும். மூலக் கோப்பை .ket-ஆகத் தனியாகச் சேமியுங்கள், கைடு கட்டாயம் ஒரு திருத்தம் சொல்வார்.

கடலூர் ஓ.டி. மாணவி
ஒரு சந்தேகம். தாளில் அந்த மெத்தில் கோடு கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. வெட்ஜா, பேனா மை கசிந்ததா என்று தெரியவில்லை.

காலாப்பட்டு ஆய்வு மாணவர்
மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டும் கலந்த ரேசிமிக்தானே. சாதாரணக் கோடு போடுங்கள்.

லாரன்ஸ் ரோடு கெமிஸ்ட்ரி
செமினார் எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. ரேசிமிக்கைப் பிரிப்பது பற்றியென்றால் அந்த ஒரு கோடுதான் ஸ்லைடே. நாமாக முடிவு செய்யக் கூடாது. தாளில் அதை வட்டமிட்டுக் கைடிடம் கேளுங்கள். அதுவரை சாதாரணக் கோடாக வையுங்கள், ஸ்மைல்ஸில் `[C@H]` இடத்தில் வெறும் `C` போட்டால் வெட்ஜ் போய்விடும்.