கையெழுத்துக் கட்டம் இடம் மாறி விழுகிறது, உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் டியூஷனுக்கு பிடிஎஃப் பாரம் செய்தேன். மாணவர் பெயரை அடித்தால் அதே பெயர் பெற்றோர் கட்டத்திலும் ஏறியது. கட்டத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தேன். இரண்டுக்கும் உள்ளே Nama என்ற ஒரே பெயர். அப்படி இருந்தால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் வந்துவிடும். ஒன்றை Nama_Penjaga என்று மாற்றினேன், சரியாகிவிட்டது.

கையெழுத்துதான் தீரவில்லை. Tandatangan என்ற சொல் வரும் இடத்தில் கட்டம் வைக்கும்படி மின்கையெழுத்துத் தளத்தில் அமைத்தேன். அந்தச் சொல் விதிமுறைப் பத்தியிலும் இரண்டு தடவை வருகிறது. அங்கேயும் கட்டங்கள் எழுத்தை மறைத்துக்கொண்டு விழுந்துவிட்டன. செம்பனைக் காட்டு வேலை முடிந்து வந்த ஓர் அக்கா, போனைக் காட்டி, "தம்பி, மூணு இடம் கேக்குதே, எதுல போடறது?" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை.

வேறெங்கும் வராத /ttd_penjaga/ போன்ற குறியை வெள்ளை எழுத்தில் கோட்டருகே வைக்கப் போகிறேன். இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்: கட்டம் கோட்டின் மேல் சரியாக உட்கார எவ்வளவு நகர்த்தினீர்கள்? அப்புறம், போனில் திறந்தாலும் அதே இடத்தில் நிற்கிறதா? சனிக்கிழமை பாரம் அனுப்ப வேண்டும்.