Nga என்ற பெயரைச் சொல்லி எப்படி வாழ்த்துவது?

மூன்று வாரமாக ஒரு வியட்நாமியப் பெண்ணுடன் வேலை செய்கிறேன். பெயர் Nga. திங்கள்தோறும் வீடியோ அழைப்பில் நான்தான் முதலில் அவருக்கு ஹலோ சொல்ல வேண்டும். அங்கேதான் தடுமாறுகிறேன்.

முதல் வாரம் 'என்கா' என்றேன். மற்றவர்கள் 'நா' என்கிறார்கள். இரண்டுமே தவறு. அவர் தன் பெயரைச் சொன்னபோது கவனித்துக் கேட்டேன்: நம்முடைய ங எழுத்தேதான், 'ஙா'. எழுத்தின் மேலே குறி இல்லாததால் குரல் ஏறாமல் இறங்காமல் சமமாக நிற்க வேண்டுமாம்.

'அங்ஙனம்' என்று மெதுவாகச் சொல்லி, முன்னால் உள்ள 'அங்'கை விட்டுப் பழகினேன். தனியாகச் சொன்னால் வருகிறது. 'ஹலோ' சேர்ந்தவுடன் 'ஹலோங்கா' ஆகிவிடுகிறது. போனில் பதிவு செய்து கேட்டேன், அந்தக் 'கா' தெளிவாக விழுகிறது.

"சரியாகச் சொல்கிறேனா?" என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். "பரவாயில்லை, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்றார். அது மரியாதைக்குச் சொன்னது என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் பெயரை அவர் சொல்வதுபோலவே சொல்ல விரும்புகிறேன்.

'பரவாயில்லை' என்று விடாமல் அவர் உண்மையிலேயே திருத்தும்படி, இன்னொரு முறை எந்த வார்த்தைகளில் கேட்கலாம்?