மெட்டோப்ரோலால் பீக் வால் இழுக்குது: காலம் செத்துச்சா, பி.எச். தப்பா?

சிப்காட்_நைட்ஷிப்ட் (ராணிப்பேட்டை):
மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் அஸ்ஸே. சி18 காலம், 150 × 4.6, 5 மைக்ரான். 10 மில்லிமோலார் பாஸ்பேட் பி.எச். 5.0, அசிட்டோநைட்ரைல் 75:25. ஃப்ளோ 1 மி.லி., இன்ஜெக்‌ஷன் 20 மைக்ரோலிட்டர், சாம்பிள் 0.1 மி.கி./மி.லி. புது காலத்துல டெய்லிங் 1.5 இருந்தது. 600 இன்ஜெக்‌ஷன் தாண்டினதும் 2.4. ஒரு நாள் 2.1, மறுநாள் 2.6ன்னு ஆடுது. காலத்தை மாத்தணுமா?

பாலாறு:
இதுல யோசிக்க என்ன இருக்கு? 600 இன்ஜெக்‌ஷன் போட்டாச்சு, அந்தக் காலத்துக்குக் காலம் முடிஞ்சுபோச்சு. வாய்ப்பக்கம் பள்ளம் விழுந்திருக்கும், ஃப்ரிட்டும் அடைச்சிருக்கும். புதுசு போட்டா 1.5 வந்துடும். இல்லாட்டி திருப்பி மாட்டிக் கழுவிப் பாருங்க.

காட்பாடி_கே:
பாலாறு சார், பள்ளம் விழுந்தா எல்லா பீக்கும் கெடும், மெட்டோப்ரோலால் மட்டும் கெடாது. அதை அரை மணி நேரத்துல பாத்துடலாம்.

தம்பி, முதல்ல பஃபரை வெளியேத்துங்க. தண்ணி 90, அசிட்டோநைட்ரைல் 10 வெச்சு 30 மி.லி. விடுங்க. உங்க காலத்துக்குள்ள ஏறக்குறைய ஒன்றரை மி.லி.தான் நிக்கும், அதனால இது இருபது தடவை கழுவின மாதிரி. பாஸ்பேட் உள்ள இருக்கும்போதே நேரா நூறு சதவீத அசிட்டோநைட்ரைல் விட்டா உப்பு உள்ளேயே படிஞ்சு பிரஷர் ஏறிடும். கழுவின பிறகு அசிட்டோநைட்ரைல் 60, தண்ணி 40 விட்டு, யுராசிலும் டொலுயினும் கலந்து போடுங்க. டொலுயினுக்குச் சார்ஜே கிடையாது. அதுவும் வால் இழுத்தா பாலாறு சார் சொல்றது சரி. டொலுயின் நேரா நின்னு மெட்டோப்ரோலால் மட்டும் இழுத்தா, அது அமீன்ங்கறதால கோளாறு கெமிஸ்ட்ரியில, பி.எச். பக்கம் இருக்கு.

அடுத்தது, அதே சாம்பிளை உங்க மொபைல் ஃபேஸ்லயே 20க்குப் பதிலா 2 மைக்ரோலிட்டர் போடுங்க.

ஆம்பூர்_லெதர்லேப்:
பி.எச்.தான் காரணம்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க? நாங்க தோல் சாம்பிள்ல அசோ டை உடைஞ்சு வர்ற அமீன்களை பி.எச். 7 பாஸ்பேட்லதான் ஓட்டுறோம். பென்சிடின் ஊசி மாதிரி வருது. அமீன்னா வால் இழுக்கும்ங்கறது கட்டுக்கதை.

காட்பாடி_கே:
அது வேற அமீன் சார். பென்சிடினோட பிகேஏ 5க்குக் கீழ. பி.எச். 7ல அது சார்ஜ் இல்லாம சும்மா இருக்கும், சிலிக்காவுல ஒட்டிக்க அதுக்குக் கை இல்ல. மெட்டோப்ரோலால் பிகேஏ 9.6 பக்கம். பி.எச். 5லயும் 7லயும் முழுசா பாசிட்டிவ். சிலிக்கா மேல மூடப்படாம கிடக்கற சிலனால் பி.எச். 4, 5 தாண்டும்போது கொஞ்சம் கொஞ்சமா நெகட்டிவ் ஆகும். இது ரெண்டும் ஒட்டி ஒட்டி விடறதாலதான் வால். நீங்க பாக்கறது வாலில்லாத அமீன்.

சிப்காட்_நைட்ஷிப்ட்:
ரெண்டும் போட்டுப் பாத்தேன் மேடம். டொலுயின் 1.1. மெட்டோப்ரோலால் 2 மைக்ரோலிட்டர்ல 2.0, ரிடென்ஷன் கொஞ்சம் தள்ளிப் போச்சு. 20ல 2.4.

பாலாறு:
டொலுயின் 1.1ஆ? சரி, பள்ளம் இல்லன்னு ஒத்துக்கறேன். ஆனா புதுசுல 1.5 வந்தது இப்ப 2.4ன்னா மாறினது காலம்தானே? பி.எச். அன்னைக்கும் 5, இன்னைக்கும் 5.

காட்பாடி_கே:
அன்னைக்கும் 5, இன்னைக்கும் 5ன்னு சொல்றீங்களே, அங்கதான் இடிக்குது. பாஸ்பேட் 2.1 பக்கமும் 7.2 பக்கமும்தான் பிடிச்சு நிக்கும். 5.0ல அது பஃபரே இல்ல, உப்புத்தண்ணி. கணக்குப் போட்டுப் பாருங்க: 10 மில்லிமோலார்ல, பி.எச். 5க்கு வர ஒரு லிட்டருக்கு 0.06 மில்லிமோல் காரம் போதும். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஒரு சொட்டே அதைவிட அதிகம். ஒரு சொட்டு விழுந்தா 5ஐத் தாண்டும், ரெண்டாவது சொட்டு 5.4க்குக் கொண்டுபோகும். நைட் ஷிப்ட்ல ஒருத்தர் நிறுத்தற இடமும் பகல்ல இன்னொருத்தர் நிறுத்தற இடமும் ஒண்ணா இருக்காது. 2.1க்கும் 2.6க்கும் நடுவுல ஆடறதுக்கு நான் இதைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். காலம் பழசானா மெல்ல மெல்ல ஏறும், நாளுக்கு நாள் இப்படித் துள்ளாது.

2 மைக்ரோலிட்டர்ல குறைஞ்சதும் ஒரு துப்பு. 20 போட்டா 2 மைக்ரோகிராம் உள்ள போகுது. சார்ஜ் உள்ள மருந்துக்கு, இவ்வளவு உப்புக் கம்மியான மொபைல் ஃபேஸ்ல அதுவே ஓவர்லோட் ஆகலாம். ஆனா 2.0க்குக் கீழ இறங்கல, அப்ப மிச்சம் சிலனால் வேலை.

மாத்திப் பாக்கறதுன்னா: லிட்டருக்கு 3.4 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், அது 25 மில்லிமோலார். ஆர்த்தோபாஸ்பாரிக் ஆசிட் சுமார் கால் மி.லி. விட்டு பி.எச். 3.0. அசிட்டோநைட்ரைல் சேர்க்கறதுக்கு முன்னாடி மீட்டர் வைங்க, சேர்த்த பிறகு வர்ற ரீடிங் வேற. இங்க ஒரு சொட்டு கூடக்குறைய விழுந்தாலும் பி.எச். அவ்வளவா அசையாது. சிலனால் அடங்கும், பீக் சீக்கிரமா வரும். பயப்படாதீங்க, அது சிலனால் பிடிச்சு வெச்சிருந்த நேரம் போனதுதான். அசிட்டோநைட்ரைலை 25லிருந்து 20க்கு இறக்கினா இடத்துக்கு வந்துடும்.

வாலாஜா_கியூஏ:
நிறுத்துங்க. பார்மகோபியா மெத்தட்ல பி.எச். 0.2 கூட்டலாம் குறைக்கலாம், உப்பு அளவு பத்து சதவீதம். 5லிருந்து 3க்குப் போறது அட்ஜஸ்ட்மென்ட் இல்ல, புது மெத்தட். வேலிடேஷன் பண்ணாம ரிசல்ட் விட்டா ஆடிட்ல யார் பதில் சொல்றது?

சிப்காட்_நைட்ஷிப்ட்:
இது எங்க இன்-ஹவுஸ் மெத்தட் சார். மாத்தலாம், ஆனா வேலிடேஷனுக்கு ரெண்டு வாரம் ஆகும். டிரைஎத்திலமீன் கொஞ்சம் விட்டா இப்பவே சரியாகுமா?

வாலாஜா_கியூஏ:
அதுவும் மாற்றம்தான். இன்-ஹவுஸா இருந்தாலும் சேஞ்ச் கன்ட்ரோல் இல்லாம கை வைக்காதீங்க.

காட்பாடி_கே:
வால் குறையும். சிலனால்ல அது போய் உக்காந்துக்கும். ஆனா ஒரு தடவை விட்ட காலத்துலருந்து அதை முழுசா கழுவி எடுக்க முடியாது. அந்தக் காலத்தை இந்த மெத்தடுக்குன்னே எழுதி வைக்கணும். வேற வழி இருக்கும்போது நான் தொடமாட்டேன்.

பாலாறு:
டிரைஎத்திலமீன் விட்டு எத்தனை வருஷமா ஓட்டறாங்க? அது சும்மா பயமுறுத்தல். நம்ம ஊர் வெயில்ல ரூம் 34 போகும், ஹீட்டர் மட்டும் உள்ள ஓவன்ல 25 செட் பண்ணா நிக்காது. அதையும் பாருங்க, 40ல வைங்க. சரி, மேடம் கிட்ட ஒண்ணு: பி.எச். ஆடறதுதான் காரணம்னா 1.5லிருந்து 2.4க்கு ஏறினது எதனால? எண்ட்கேப்பிங் போயிருக்கா, மாத்திரையோட எக்ஸிபியன்ட் படிஞ்சிருக்கா?

காட்பாடி_கே:
ஓவன் விஷயம் சரி. கேள்வியும் சரியான கேள்வி. ஏறினது காலம்தான், துள்றது பி.எச். பி.எச். 5ல எண்ட்கேப்பிங் அவ்வளவு வேகமா உதிராது, அதனால எனக்கு எக்ஸிபியன்ட் மேலதான் சந்தேகம். பஃபரைக் கழுவிட்டு அசிட்டோநைட்ரைல்ல 30 மி.லி., அப்புறம் ஐசோப்ரோபனால் அரை மி.லி. ஃப்ளோல விட்டுப் பாக்கலாம், அது கெட்டி, பிரஷர் எகிறும். 2.4 இறங்கினா எக்ஸிபியன்ட். இறங்கலன்னா உதிர்ந்ததுன்னு சொல்லலாம், ஆனா உறுதியா இல்ல.

ஆம்பூர்_லெதர்லேப்:
கார்டு காலம் போட்டிருக்கீங்களா? அதைப் பத்தி யாரும் கேக்கவே இல்ல.

சிப்காட்_நைட்ஷிப்ட்:
போட்டிருக்கு சார். அது கடைசியா எப்ப மாத்தினதுன்னு லாக்புக்ல இல்ல.