மூன்றையும் ஒரே கதவுக்குள் வைக்கலாமா? (எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து)

கவிதா: எல்லாருக்கும் ஒரு கேள்வி. சமையலறை மேடைக்குக் கீழே அலமாரி அடிக்கிறோம். தண்ணீர் மெஷின், சிலிண்டர், குப்பைக்கூடை மூன்றும் கண்ணில் படக்கூடாது என்பது என் ஆசை. சிங்க்குக்குக் கீழே 90 செ.மீ. அகலத்தில் இரட்டைக் கதவு போட்டு மூன்றையும் உள்ளே தள்ளிவிடலாம் என்கிறார் ஆசாரி. நாளை மறுநாள் பலகை அறுக்கிறார்.

கவிதா: 📷 படம்

வசந்தா அத்தை: நாங்கள் போன வருடம்தான் மெஷின் மாற்றினோம். தண்ணீர் ருசி நன்றாக இருக்கிறது. எது வாங்குவது என்று மாமாவிடம் கேள்.

கவிதா: அத்தை, மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. சுவரில் மாட்டுகிற மாடல். எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் கேள்வி 😄

ரமேஷ்: சிலிண்டர் இருக்கும் அலமாரிக்கு ஓட்டை வேண்டும், மறந்துவிடாதே. கதவின் மேல்பக்கம் நாலு ஓட்டை போட்டால் போதும். கேஸ் கசிந்தாலும் மேலே ஏறி வெளியே போய்விடும்.

செந்தில்: சரி மச்சான், ஆசாரியிடம் சொல்லிவிடுகிறேன்.

முருகேசன் மாமா: அவசரப்படாதே செந்தில். ரமேஷ் ஓட்டை வேண்டும் என்றது சரி, இடம்தான் தப்பு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே ஏறாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையோடு பரவும். மேலே மட்டும் ஓட்டை இருந்தால் அலமாரியின் அடியில் கேஸ் தேங்கி நிற்கும். கதவு மூடியிருப்பதால் வாடையும் உங்கள் மூக்குக்குச் சீக்கிரம் வராது. முக்கியமான திறப்பு தரை மட்டத்தில் இருக்க வேண்டும். காற்று ஓட மேலேயும் ஒன்று இருக்கட்டும்.

ரமேஷ்: அப்படியா! நான் புகை மாதிரி நினைத்துக்கொண்டேன்.

முருகேசன் மாமா: நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பதினெட்டு வருடம் அடுப்பு மாட்டிக் கொடுத்தவன், எத்தனை வீட்டில் பார்த்திருப்பேன்.

முருகேசன் மாமா: கவிதா, உன் படத்தில் எனக்கு ஓட்டையைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று. மெஷினுக்கு பிளக் உண்டு, உள்ளே பம்ப் உண்டு. டேங்கில் தண்ணீர் குறைந்ததும் யாரும் தொடாமலே பம்ப் தானாக ஓடும், ராத்திரி இரண்டு மணியானாலும் ஓடும். அதற்குப் பக்கத்திலேயே சிலிண்டர், ஒரே மூடின பெட்டி. வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே என்று சொல்கிறோமே, இங்கே சுவிட்ச் தானே போட்டுக்கொள்ளும். அதனால் பிளக் இருக்கும் பெட்டியில் சிலிண்டர் கூடாது.

கவிதா: ஐயோ. இதை யோசிக்கவே இல்லை மாமா.

செந்தில்: நடுவில் ஒரு பலகை அடித்துப் பிரித்துவிட்டால்?

முருகேசன் மாமா: சிங்க்குக் கீழே பலகை முழுசாக மூடாது. குழாய்கள் போக வெட்டியே ஆக வேண்டும், அந்த வெட்டில் கேஸும் போகும். அதுவும் இல்லாமல் அடுப்பு எங்கே இருக்கிறது பார். சிங்க் 90, டிராயர் 60, அப்புறம்தான் அடுப்பு. டியூப் டிராயருக்குப் பின்னால் போக வேண்டும். டிராயர் ஒவ்வொரு முறை மூடும்போதும் டியூபில் இடிக்கும், எலி கடித்தாலும் தெரியாது. டியூப் ஒன்றரை மீட்டருக்குள், ஒட்டு இல்லாமல், கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கவிதா: அப்போது சிலிண்டரை எங்கேதான் வைப்பது?

முருகேசன் மாமா: டிராயர் யூனிட்டை அடுப்புக்கு அடியில் தள்ளு. அது இருந்த 60 செ.மீ. காலியாகும். அதில் அடுப்பை ஒட்டி 45 செ.மீ. சிலிண்டருக்கு. நேர் அடியில் வேண்டாம், பக்கத்தில். இப்போதே டேப்பை எடுத்து உன் சிலிண்டரை அளந்து சொல்.

கவிதா: குறுக்கே 32 செ.மீ., உயரம் 63. மேடைக் கல்லின் அடிப்பாகம் தரையிலிருந்து 81.

முருகேசன் மாமா: நல்லது. 45இல் இரண்டு பக்கப் பலகையும் போனால் உள்ளே 41 சொச்சம் நிற்கும். சிலிண்டரின் இரண்டு பக்கமும் நாலு நாலரை செ.மீ. கிடைக்கும், உருட்டி உள்ளே விட அது போதும். மேலே 18 இருக்கிறது, ரெகுலேட்டரைத் திருகக் கை போகும். சக்கர ஸ்டாண்டு வைத்திருந்தால் அதன் உயரத்தையும் கழித்துக்கொள்.

முருகேசன் மாமா: அந்தப் பெட்டிக்கு அடிப்பலகை வேண்டாம். சிலிண்டர் தரை ஓட்டிலேயே நிற்கட்டும். நிறைந்த சிலிண்டர் 30 கிலோவுக்குப் பக்கம் வரும், பலகை மேல் ஏற்றி இறக்கினால் விளிம்பு பெயர்ந்துவிடும். கதவுக்குக் கீழே ஓரமாக அடிப்பார்களே ஒரு பட்டை, அதுவும் இந்த ஒரு பெட்டிக்கு வேண்டாம். கதவு தரையிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஆரம்பித்தால் கீழ்த் திறப்பு தானாகவே கிடைத்துவிடும். கதவின் மேல்பக்கம் சின்னச் சின்ன வெட்டு.

ரமேஷ்: அப்படியென்றால் கசிந்த கேஸ் சமையலறைக்குத்தானே வரும்?

முருகேசன் மாமா: வரும். ஆனால் வாடை உடனே தெரியும், பெட்டிக்குள் தேங்குவதைவிட அது மேல். பின்சுவர் வெளிச்சுவராக இருந்தால் தரையோடு ஒரு திறப்பு வெளியே விடுவது இன்னும் நல்லது. அந்தத் திறப்புக்கு வெளியே சாக்கடை வாயோ பள்ளமோ இருக்கக்கூடாது, கேஸ் அதில் இறங்கித் தங்கிவிடும்.

செந்தில்: எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் மாமா. பால்கனிக் கதவுக்குக் கீழே மட்டும் இடைவெளி இருக்கிறது.

முருகேசன் மாமா: அதை மிதியடி போட்டு அடைக்காதே.

மீனா: சிலிண்டர் பெட்டியில் மேலே கொஞ்சம் இடம் இருக்கும்போல. வெங்காயக் கூடை வைக்கலாமா?

முருகேசன் மாமா: கூடையும் வேண்டாம், பழைய துணியும் வேண்டாம். சிலிண்டர் மட்டும். டியூபுக்கு மேடைக் கல்லில் அடுப்பின் ஓரமாக ஒரு துளை போடச் சொல், விளிம்பை நன்றாகத் தேய்க்கச் சொல். கூரான கல் டியூபை அறுக்கும். பர்னருக்குப் பின்பக்கமாகப் போகக்கூடாது. புது சிலிண்டர் மாட்டும்போதெல்லாம் ரெகுலேட்டர் ஓரத்தில் சோப்பு நுரை தடவிப் பார். முட்டை முட்டையாக வந்தால் கசிகிறது. தீக்குச்சி காட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெரியம்மா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

பெரியம்மா: கை தவறிவிட்டது. இரண்டாவது சிலிண்டர் எங்கே?

கவிதா: பால்கனியில் பெரியம்மா. நிழல்தான்.

முருகேசன் மாமா: மூடி போட்டு நிமிர்த்தி வைத்திருந்தால் சரி.

கவிதா: அப்போது மெஷின் மட்டும் சிங்க்குக் கீழே இருக்கட்டுமா?

செந்தில்: குழாய் முழங்கால் உயரத்தில் வரும். ஒவ்வொரு டம்ளருக்கும் குனிய வேண்டும்.

வசந்தா அத்தை: கீழே வைக்காதே கவிதா! எங்கள் பழைய மெஷின் கீழேதான் இருந்தது. கழிவுத் தண்ணீர் போகிற அந்த மெல்லிசுக் குழாய் எப்போது கழன்றதென்றே தெரியவில்லை. சொட்டுச் சொட்டாகப் பலகையில் இறங்கியிருக்கிறது. ஒருநாள் கதவு திறக்க வரவில்லை, இழுத்துப் பார்த்தால் அடிப்பலகை அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது.

ரமேஷ்: அத்தை, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

வசந்தா அத்தை: யார் கேட்டீர்கள்?

முருகேசன் மாமா: அத்தை சொல்வது நடக்கிற விஷயம்தான். சிங்க்குக் கீழேயே வைக்கத் தனி மாடல் உண்டு, குழாய் மட்டும் மேலே மேடையில் வரும். கவிதாவுடையது அது இல்லை. இதற்கு மேல் அலமாரிதான். மெஷின் உயரம் எவ்வளவு, குழாய் எங்கே?

கவிதா: உயரம் 50. குழாய் அடியிலிருந்து 10இல், முன்பக்கம்.

மீனா: நான் இதைத்தான் செய்திருக்கிறேன். சிங்க்குக்குப் பக்கத்தில் மேல் அலமாரி, அடிப்பலகை கிடையாது. கதவை 15 செ.மீ. குட்டையாக விட்டோம். கதவு மூடியிருந்தாலும் குழாய் மட்டும் கீழே எட்டிப் பார்க்கும். எதிரே நிற்பவர்களுக்கு அலமாரிதான் தெரியும். குழாய்க்கும் மேடைக்கும் நடுவில் குடம் நிற்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள், நாங்கள் அளக்காமல் அடித்து ஒருமுறை கழற்றினோம்.

முருகேசன் மாமா: அருமை. மெஷினுக்கு மேலே மட்டும் 10 செ.மீ. விடு. சர்வீஸுக்கு வருபவர் மெஷினைக் கொக்கியிலிருந்து மேலே தூக்கித்தான் எடுப்பார். இடமில்லை என்றால் அலமாரியையே கழற்றச் சொல்வார். தண்ணீர் உள்ளே வரும் குழாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமும் ஒரு கை இடம்.

மீனா: இன்னொன்று, அந்தச் சின்ன விளக்குகள் கதவுக்குப் பின்னால் போய்விடும். ஃபில்டர் மாற்றச் சொல்லிச் சிவப்பு எரிந்தது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

கவிதா: சரி. சிலிண்டர் முடிந்தது, மெஷின் முடிந்தது. சிங்க்குக் கீழே குப்பைக்கூடை மட்டும்.

பெரியம்மா: அது கூடாது என்றுதான் முதலில் எழுதினேன், அழிந்துவிட்டது. மூடி வைத்த குப்பை மறந்துபோகும். ஈரமும் இருட்டும் சேர்ந்தால் கரப்பான் குடிவந்துவிடும்.

செந்தில்: தினமும் கொட்டிவிடுவோம் பெரியம்மா. கதவின் உள்பக்கம் மாட்டிவிட்டால் திறக்கும்போது கூடையும் கூடவே வரும்.

மீனா: கதவோடு மாட்டினால் ஈரக் குப்பையின் கனத்தில் கீல் தொங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒருவர் சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குப்பை போட முடியாது. கால் நகர்த்து நகர்த்து என்று தினமும் சண்டை. சிங்க்குக்குப் பக்கத்தில் இழுக்கிற பெட்டியாக இருந்தால்தான் நிம்மதி.

கவிதா: பக்கத்தில் மிச்சம் 15 செ.மீ.தான் இருக்கிறது மீனா. எண்ணெய் பாட்டில்தான் நிற்கும்.

ரமேஷ்: சிங்க்குக் கீழே அந்த வளைந்த குழாய் பாதி இடத்தை அடைக்குமே?

முருகேசன் மாமா: பின்சுவரோடு ஒட்டுகிற பாட்டில் மாதிரியானது மாட்டினால் முன்பக்கம் காலியாகும். கூடையின் உயரத்தை அதற்குப் பிறகு அளந்துகொள். மற்றபடி குப்பை விஷயத்தில் நான் தலையிடவில்லை, வீட்டிலேயே எனக்கு அந்த உரிமை கிடையாது.

பெரியம்மா: பால்கனியில் வை.

செந்தில்: ஒவ்வொரு தோலுக்கும் பால்கனிக்கு நடப்பதா?

கவிதா: ஆசாரியிடம் சிங்க்குக் கீழே இப்போதைக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, யார் காலில் எத்தனை முறை இடிக்கிறது என்று பார்ப்போம்.

பெரியம்மா: அட்டைப்பெட்டி நனைந்துவிடும். பழைய வாளி கொடுத்தனுப்புகிறேன்.

வசந்தா அத்தை: அப்போது எந்த மெஷின் வாங்கப் போகிறாய்?