நோசிபோவுக்குத் தமிழில் என்ன: தீங்குப்போலியா, நோவா?

மலர்விழி:

அன்புள்ள குழுவினருக்கு,

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்து, தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தொந்தரவைத் தருகிற 'நோசிபோ விளைவு' மட்டும் பாக்கி. மருந்தில்லாத மாத்திரையான பிளாசிபோவுக்கு 'மருந்துப்போலி' என்று போட்டாயிற்று. அதற்கு இணையாக 'தீங்குப்போலி' என்று வைத்துக்கொள்ளலாமா? யாராவது சரி என்று ஒரு வரி எழுதினால் தூங்கப் போவேன்.

இளவழுதி:

மகளே, தூங்க வேண்டாம். நோசிபோ என்ற சொல்லிலேயே நம் 'நோ' நிற்கிறதே, பார்க்கவில்லையா? நோ, நோவு, நோய் எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. நோசிபோவுக்கு மூலமான, தீங்கு செய்தல் என்று பொருள்படும் இலத்தீனின் 'நோசெரே'வும் அந்த வேரிலிருந்து போனதே. வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பி வந்திருக்கிறது. 'நோவெதிர்வு' என்று பெயரிட்டு உள்ளே அழையுங்கள்.

கபிலன்:

ஐயா, 'நோவெதிர்வு' என்றால் நோயெதிர்ப்பு என்றுதான் படிப்பார்கள். தடுப்பூசிக் கையேடு ஆகிவிடும். வேர் விஷயத்திலும் உடன்பாடில்லை. நோசெரேவின் உறவு 'நெக்ஸ்', 'நெகாரே' என்ற இலத்தீன் சொற்களோடு. சாவு, கொல்லுதல் என்று பொருள். அங்கே 'நெ' முந்தியது, 'நோ' பிந்தியது. ஒலி ஒத்துப்போவதால் உறவாகிவிடாது.

எளிய வழி: 'கற்பனை வலி'. ஸ்டாட்டினால் வருவதாகச் சொல்லும் வலியெல்லாம் மனப்பிரமை என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்களே.

ராமநாதன்:

தம்பி கபிலன், எனக்கு இரண்டாவது வாரமே தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. படி ஏற முடியவில்லை. மாத்திரையை நானே நிறுத்தினேன், நாலே நாளில் சரியானது. அது கற்பனை என்றால் என் தொடையிடம் வந்து சொல்லுங்கள். போலி மாத்திரையை விற்பவர்களைப் பற்றிக் கையேட்டில் எழுதுவது நல்ல காரியம்தான்.

சுந்தரி:

ராமநாதன் ஐயா, கடையில் விற்கும் கள்ள மருந்து வேறு, இது வேறு. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. கபிலனின் சொல்லை நான் ஏற்காததற்கும் அதுதான் காரணம்.

அவர் சொல்வது லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் நடத்தி 2020-இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வாக இருக்க வேண்டும். அதில் சேர்ந்த 60 பேரும் ஸ்டாட்டினைத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் 20 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை, நான்கு புட்டிகள் காலி. மாதங்களின் வரிசை குலுக்கிப் போட்டது. காலிப் புட்டி தெரிந்துவிடும். மற்ற இரண்டில் எது எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. தினமும் தொந்தரவு எவ்வளவு என்று 0 முதல் 100 வரை கைபேசியில் மதிப்பெண் போட வேண்டும்.

காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8.0. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. ஆக மாத்திரை கூட்டிய தொந்தரவு 8.3. இதோடு நிறுத்தினால் ராமநாதன் ஐயா சொல்வது முழுக்க உண்மை. ஆனால் மருந்தில்லாத மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது 8.3-இல் 7.4, கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாமல் வந்துவிட்டது.

அவர்கள் வலியைப் புனையவில்லை. மருந்தில்லாத மாதத்திலும் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. நோய் வேறு, நோய்முதல் வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலி மெய், அதற்கு முதல் என்று நாம் கைகாட்டிய பொருள்தான் தவறு. 'கற்பனை' என்ற சொல் வலியையே பொய்யாக்கிவிடுகிறது.

'தீங்குப்போலி'யிலும் அதே குறை. மருந்துப்போலி மருந்தைப் போன்றது, சரி. தீங்குப்போலி தீங்கைப் போன்றதா? இன்னொன்றும் இருக்கிறது. நோசிபோ என்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. சாம்சனில் தொந்தரவு தந்ததும் அதே மருந்துப்போலிதான். மெய்யான மருந்தை விழுங்கும்போதும் இந்த விளைவு சேர்ந்தே வரும். ஆகவே பெயர் பொருளுக்கு அல்ல, எதிர்பார்ப்புக்கு வேண்டும்.

ராமநாதன்:

நிறுத்தியதும் வலி போனதே அம்மா? அதற்கு என்ன பதில்?

சுந்தரி:

அதையும் பார்த்தார்கள். ஸ்டாட்டினை நிறுத்தியபோது கிடைத்த நிம்மதி, மருந்தில்லாத மாத்திரையை நிறுத்தியபோதும் அதே அளவில் கிடைத்தது. ஆகவே நிறுத்தினால் போய்விடுகிறது என்பதை மட்டும் வைத்து மருந்தைக் குற்றவாளியாக்க முடியாது.

ஆனால் உங்கள் தொடையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது 60 பேரின் சராசரி, அதுவும் சீக்கிரமே விட்டவர்களின் சராசரி. ஸ்டாட்டின் தசையை உண்மையிலேயே சிதைப்பதும் அரிதாக உண்டு. கடும் வலியோடு தசை பலவீனமானால், சிறுநீர் கறுத்தால், எதிர்பார்ப்பு என்று உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் பார்க்க வேண்டும். மலர்விழி, கையேட்டில் இந்த வரி விடுபடக்கூடாது.

கபிலன்:

'கற்பனை'யைத் திரும்பப் பெறுகிறேன். 'அச்ச விளைவு'?

சுந்தரி:

பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ஆனால் அச்சம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, தெரிந்திருந்தாலே போதும். ஆஸ்காட் என்ற பெரிய ஆய்வில் முதலில் யாருக்கு என்ன மாத்திரை என்பதை மறைத்திருந்தார்கள். அப்போது தசைத் தொந்தரவு சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் ஆண்டுக்கு 2.03 விழுக்காடு, மறுபக்கம் 2.00. பிறகு மறைப்பை நீக்கினார்கள். தெரிந்தே ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 1.26, சாப்பிடாதவர்களில் 1.00. அதே மருந்துதான். இடைவெளி மட்டும் புதிதாக முளைத்தது.

இளவழுதி:

அப்படியானால் 'எதிர்நோக்கு நோவு'. மோனை இல்லாவிட்டாலும் 'நோ' இரண்டு முறை வருகிறது, என் மனம் குளிரும். இன்னொரு செய்தி: பிளாசிபோ என்றால் இலத்தீனில் 'மகிழ்விப்பேன்', நோசிபோ என்றால் 'தீங்கு செய்வேன்'. இரண்டும் தன்மை ஒருமை எதிர்கால வினைமுற்றுகள். 1961-இல் கென்னடி என்பவர் முதலதைப் பார்த்து இரண்டாவதைக் கட்டினார். வினைமுற்றையே பெயராக நிறுத்த அவர்களால் முடிகிறது, நாம் ஏன் 'நோவிப்பேன்' என்று...

கபிலன்:

ஐயா, 'நோவிப்பேன்' என்று எழுதிய மாத்திரையை யார் விழுங்குவார்கள்?

மலர்விழி:

மூன்று பேர் 'எதிர்பார்ப்பு நோவு' என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். ராமநாதன் ஐயா 'நோவு' இந்தக் காலத்தில் யாருக்குப் புரியும், 'வலி' போதாதா என்கிறார். ஆனால் தொந்தரவு வலி மட்டுமல்ல, களைப்பும் உண்டு, அதனால் 'வலி' குறுகிவிடுகிறது. இப்போதைக்கு முதல் முறை வரும் இடத்தில் 'எதிர்பார்ப்பால் வரும் தொந்தரவு, இதை நோசிபோ என்பார்கள்' என்று நீட்டி எழுதி, பிறகு நோசிபோ என்றே விட்டுவிட்டேன்.

இளவழுதி:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விளக்கவுரை கலைச்சொல் ஆகாது.

மலர்விழி:

பதிவாயிற்று ஐயா. அதைவிட அவசரமாக ஒன்று. பக்கம் வடிவமைப்பவரிடமிருந்து வந்த படியில் ஒற்று விழுந்துவிட்டது. 'சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்து போலியும் தரப்பட்டன' என்றிருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, தனி வரியில், பெரிய எழுத்தில் 'மருந்து போலி'. ராமநாதன் ஐயா முதல் மடலில் படித்தது போலத்தான் எல்லாரும் படிப்பார்கள். ஏற்கெனவே மாத்திரையைச் சந்தேகிப்பவர்கள் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சுந்தரி அம்மாவுக்குத் தெரியும். எங்கெல்லாம் 'ப்' போயிருக்கிறது என்று பார்க்க இன்றிரவு யாராவது கை கொடுப்பீர்களா? நாற்பது பக்கம்.

இளவழுதி:

முதல் இருபது எனக்கு அனுப்புங்கள்.