பாகம் பிரிக்கும் நகையில் கல் எடை: ஒரு கதைக்காக உதவி வேண்டும்

வணக்கம். ஒரு சிறுகதை பாதியில் நிற்கிறது. நகை வேலை தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

காதல் திருமணம் செய்து போன அக்கா 11 வருடம் கழித்து, அப்பா இறந்தபின் வீட்டுக்கு வருகிறாள். கூடத்தில் ஆசாரி தராசோடு உட்கார்ந்திருக்கிறார். அப்பா உயில் எழுதவில்லை. அவர் வாங்கிவைத்தது 36 பவுன். அம்மா, அக்கா, இரண்டு தம்பிகள். 1956 வாரிசுச் சட்டப்படி நாலு பேருக்கும் சம பங்கு. ஆளுக்கு 9 பவுன், அதாவது 72 கிராம்.

தம்பிகள் பங்கு தரமாட்டோம் என்று சொல்லவில்லை. ஆனால் கல் இல்லாத சங்கிலியும் வளையலும் அவர்கள் பக்கம் போகின்றன. பழைய கல் அட்டிகை அக்கா பக்கம் வருகிறது. எடை என்னவோ சரிதான். அவள் அட்டிகையைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். ஒரு சிவப்புக் கல் விழுந்த குழியில் கறுத்த அரக்கு தெரிகிறது. தன் 72 கிராமில் கல்லும் அரக்கும் எவ்வளவு என்று அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

அட்டிகையைப் பிரிக்காமல் கல், அரக்கு எடையை ஆசாரி எப்படிக் கணித்துக் கழிப்பார்? அப்புறம், இப்படிப் பாகம் பிரிக்கும்போது கூட இருந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் அம்மா வாய் திறப்பாரா?