இரும்புப் படியின் மேல் மேடை கதவுக்குச் சேரவில்லை, என்ன செய்யலாம்?

இடம் சென்னை, மயிலாப்பூர். எழுபதுகளில் கட்டிய குடியிருப்பு. பின்பக்கம் தீ அவசரத்துக்கும் வேலையாட்களுக்கும் ஒரே இரும்புப் படிக்கட்டு. மூன்றாம் மாடி பிற்பாடு எழுப்பியது. அதற்கான படியைப் போன மாதம் புதிதாகப் போட்டோம்.

கீழ்த்தளங்களின் உயரம் 3060 மி.மீ., அதாவது 170 வீதம் 18 படி. ஃபேப்ரிகேட்டர் அதையே நகலெடுத்துவிட்டார். மூன்றாம் மாடியின் உயரமோ 3150. அதனால் மேல் மேடை கதவு வாசலுக்கு 90 மி.மீ. கீழே நிற்கிறது. புகையில் ஓடி வருபவர் அங்கேதான் தடுக்குவார்.

மேடை மேல் செக்கர்டு பிளேட்டை உயர்த்திப் பார்த்தோம். கடைசிப் படி 260 ஆகிவிட்டது, அது இன்னும் மோசம். கூடுதலாக ஒரு படி சேர்க்கலாம் என்கிறார் ஃபேப்ரிகேட்டர். அப்புறம் ஒரு படி மட்டும் 90, மற்றவை 170. அதோடு மேடையும் 250 மி.மீ. தள்ளிப்போகும். இப்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு கைப்பிடிக் கம்பி, எல்லா மாடியிலும் ஒன்றின் நேர் மேலே ஒன்று. அந்த வரிசை குலைந்துவிடும்.

என் கணக்கில் 18 படியை வைத்துக்கொண்டே உயரத்தை 175 ஆக்கினால் போதும். கால் வைக்கும் அகலம் மாறாது, கம்பி வரிசையும் மாறாது. ஆனால் பக்கவாட்டுச் சேனலை நிமிர்த்தினால் படிப்பலகை ஒவ்வொன்றும் சற்றே முன்னால் சாய்ந்து மழையில் வழுக்கும்.

பழைய சேனலிலேயே படிப்பலகைகளை அறுத்து மட்டமாக மறுபடி வெல்டிங் செய்தால் தாங்குமா, இல்லை சேனலையே புதிதாகப் போட வேண்டுமா?